பழைய மியூச்சுவல் ஃபண்டைத் தேடி எடுத்து மாத வருமானமாக்குவது எப்படி? வடசென்னைப் பெரியவர் ஒருவரின் கணக்கோடு முழுமையான வழிகாட்டி

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். துறைமுகத்துக்கு வந்த சரக்குக்கு பில் போடுவது, சுங்கத்துக்கான தாள்களை அடுக்குவதுதான் வேலை. 1998 மே மாதம் அலுவலகத்துக்கு வந்த ஒரு ஏஜெண்ட், மாதம் 500 ரூபாய் போடச் சொல்லி ஒரு ஈக்விட்டி ஃபண்டில் சேர்த்துவிட்டார். அப்போதெல்லாம் பின்தேதியிட்ட காசோலைகளை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பெரியவர் வருடத்துக்கு 12 காசோலை கொடுத்தார். 2006 மே மாதத்தோடு நிறுத்தினார், மகள் கல்யாணச் செலவு வந்துவிட்டது. அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்கு வீடு மாறினார். ஸ்டேட்மெண்ட் வருவது நின்றது, விஷயமே மறந்துபோனது.

இப்போது அவருக்கு வருவது பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 2,400 ரூபாய். மருந்துச் செலவுக்கு மகனைத்தான் பார்த்திருந்தார். அந்தச் சின்னச் சேமிப்பு இன்று 12 லட்சமாக நிற்கிறது. இந்தப் பணத்தைக் கண்டுபிடித்து, தடைகளை நீக்கி, வரி கட்டாமல் பாதியை எடுத்து, மீதியில் இருந்து மாதாமாதம் வரவைப்பது வரை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். அவர் பெயரையும் ஃபண்டின் பெயரையும் சொல்லவில்லை. கணக்கு எளிதாகப் புரிய எண்களை முழு எண்களாக்கி இருக்கிறேன்.

முதல் படி: வீட்டில் தேடுங்கள்

உங்களுக்கு வேண்டியது ஃபோலியோ எண், அதாவது ஃபண்டில் உங்கள் கணக்கின் எண். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எல்.ஐ.சி. பாண்டு, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பையில்தான் பெரும்பாலும் இருக்கும். இவர் விஷயத்தில் ஒரு ரெக்சின் பையின் அடியில் கிடைத்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள், எழுத்து பாதி மங்கிவிட்டது. கூடவே ஒரு நீள நோட்டும் இருந்தது. குமாஸ்தா அல்லவா, ஒவ்வொரு காசோலையின் எண்ணையும் தேதியையும் தொகையையும் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். மொத்தம் 97 பதிவுகள். ஒன்றின் எதிரில் சிவப்பு மையில் ‘ரிட்டர்ன்’ என்று இருந்தது. ஆக, ஃபண்டுக்குப் போனது 96 தவணை, 48,000 ரூபாய்.

ஸ்டேட்மெண்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, திட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் குரோத் என்று இருக்கிறதா, டிவிடெண்ட் என்று இருக்கிறதா. குரோத் என்றால் லாபம் எல்லாம் உள்ளேயே வளர்ந்திருக்கும். டிவிடெண்ட் என்றால் அவ்வப்போது பிரித்துக் கொடுத்திருப்பார்கள், இன்றைய மதிப்பு மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிய டிவிடெண்ட் வாரண்டுகள் இருக்கலாம், அதைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். இரண்டு, யூனிட் எண்ணிக்கை. மூன்று, யார் யார் பெயரில் இருக்கிறது, ‘கூட்டாக’ என்று இருக்கிறதா ‘இருவரில் ஒருவர்’ என்று இருக்கிறதா. இந்த மூன்றாவது விஷயம் பின்னால் பெரிய வேலை வைக்கும்.

ஸ்டேட்மெண்டே கிடைக்கவில்லை என்றால் பழைய பாஸ்புக்கைப் புரட்டுங்கள். அந்தக் காலப் பதிவில் ஃபண்டின் பெயர் இருக்காது, காசோலை எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் ஒரே தேதியை ஒட்டி ஒரே தொகை போயிருந்தால் ஏதோ ஒரு தவணை ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: அந்த நிறுவனம் இப்போது யார் என்று பாருங்கள்

தாளில் இருக்கும் நிறுவனப் பெயரை இன்றைக்குத் தேடினால் கிடைக்காமல் போகலாம். சென்னைக்காரர்கள் பலர் பணம் போட்ட கோத்தாரி பயனியர், 1993-ல் திட்டங்களைத் தொடங்கிய தனியார் ஃபண்ட். அது பயனியர் ஐ.டி.ஐ. ஆகி, 2002-ல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் கைக்குப் போனது. சோழமண்டலம் ஃபண்ட் டி.பி.எஸ். சோழா ஆகி, 2010-ல் எல் அண்ட் டி-க்குப் போய், 2022-ல் எச்.எஸ்.பி.சி.யோடு சேர்ந்துவிட்டது. நிறுவனம் கைமாறினாலும் யூனிட் உங்களுடையதுதான். திட்டத்தின் பெயரும் மாறியிருக்கும், குறிப்பாக ஃபண்டுகளைக் கண்காணிக்கும் செபி அமைப்பு எல்லாத் திட்டங்களையும் வகைப்படுத்தச் சொன்னதால் 2018-ல் நிறையப் பெயர்கள் மாறின.

பெரியவர் முதலில் கேட்டது இதுதான்: “ஏன் தம்பி, பத்து வருஷம் தொடாம விட்டா கவர்மெண்டே எடுத்துக்குமாமே?” அப்படி இல்லை. கம்பெனிப் பங்குகளின் டிவிடெண்டைத் தொடர்ந்து ஏழு வருடம் வாங்காமல் விட்டால் பங்குகள் அரசின் நிதிக்குப் போவது உண்டு. மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுக்கு அந்த விதி கிடையாது. எத்தனை வருடம் ஆனாலும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

தாள் எதுவும் இல்லாதவர்களுக்கு 2025-ல் செபி ஒரு வழி செய்தது. மித்ரா என்ற தேடும் வசதி, mfcentral.com தளத்தில் இருக்கிறது. பத்து வருடமாக முதலீட்டாளர் எதுவும் செய்யாத, ஆனால் யூனிட் மீதம் இருக்கும் ஃபோலியோக்கள் அதில் வரும். பெயர், பான், பிறந்த தேதி, முகவரி, பின்கோடு என்று தெரிந்ததைப் போட்டுத் தேடலாம். இங்கே பலர் இப்போதைய முகவரியைப் போட்டுவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று எழுந்துவிடுகிறார்கள். பணம் போட்டபோது இருந்த முகவரியைப் போட வேண்டும். பெரியவருக்குத் திருவொற்றியூரின் 600019 போட்டால் வராது, வண்ணாரப்பேட்டையின் 600021 போட வேண்டும். மித்ரா பணத்தைத் தராது. எந்த நிறுவனத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். இடையில் ஒருமுறை முகவரியையோ வங்கியையோ மாற்றி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஃபோலியோ இந்தப் பட்டியலில் இருக்காது. அதனால் அங்கே வரவில்லை என்பதற்காகப் பணம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் போட்ட எல்லாப் பணமும் இப்படி வளர்ந்து நிற்காது. யூ.டி.ஐ.யின் யூ.எஸ். 64-ல் போட்டவர்களுக்கு அந்தத் திட்டமே மூடப்பட்டு, 2003-ல் 6.75% பத்திரங்களாக மாற்றப்பட்டு, 2008-ல் முதிர்ந்துவிட்டது. தேக்கு மரத் திட்டங்களில் போட்டவர்கள், மூடிப்போன பெனிஃபிட் ஃபண்டுகளில் போட்டவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி, எப்போது வேண்டுமானாலும் பணம் போட்டு எடுக்க முடிகிற திறந்தநிலை மியூச்சுவல் ஃபண்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.

மூன்றாம் படி: பெயரைச் சரிசெய்யுங்கள்

அலைச்சல் முழுக்க இங்கேதான். பணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2007 ஜூலைக்கு முன்னால் தொடங்கிய ஃபோலியோக்களில் பான் எண் இல்லாமல் இருப்பது சகஜம், அப்போதுதான் எல்லாத் தொகைக்கும் பான் கட்டாயம் ஆனது. பான் பதிவாகாததால் உங்கள் பானைப் போட்டுத் தேடும் எந்த ஆன்லைன் அறிக்கையிலும் அந்த ஃபோலியோ வராது. நேரில் போய்த்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கப் போனால் பெயர் இடிக்கும். நம் ஊரில் எல்லோருக்கும் இனிஷியல். ஃபோலியோவில் எம். குமார் என்று இருக்கும். பான் வாங்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் அதில் முனுசாமி குமார் என்று வந்திருக்கும். ஆதாரில் குமார் எம். என்று இருக்கும். வங்கிக் கணக்கில் இன்னொரு விதம். நமக்கு நான்கும் ஒரே ஆள், ஆனால் அங்கே இருக்கும் கணினிக்கு நான்கு ஆள்.

முதலில் ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். ஆதாரில் திருத்துவது பெரும்பாலும் சுலபம், பானில் இருக்கிறபடி ஆதாரைக் கொண்டுவரலாம். இரண்டும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கே.ஒய்.சி. புதிதாகக் கொடுங்கள். அது முடிந்து, கே.ஒய்.சி. விவரங்களைப் பதிந்து வைக்கும் கே.ஆர்.ஏ. தளத்தில் பானைப் போட்டால் ‘Validated’ என்றோ ‘Registered’ என்றோ வர வேண்டும். ‘On Hold’ என்று வந்தால் மேலே போகாதீர்கள். கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ சரிபார்க்கப்படவில்லை, அல்லது பான்–ஆதார் இணைப்பில் கோளாறு என்று அர்த்தம். அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்.

இனிஷியல் வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய உறுதிமொழியும், இரண்டு வடிவத்தையும் இணைக்கும் ஏதாவது ஒரு பழைய ஆவணமும் கேட்பார்கள். பெரியவரிடம் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கைகொடுத்தது, அதில் தகப்பனார் பெயர் முழுதாக இருந்தது.

அடுத்தது கையெழுத்து. 1998-ல் போட்ட கையெழுத்தும் இன்று கை நடுங்கப் போடும் கையெழுத்தும் ஒன்றாக இருக்காது. படிவத்தில் போட்டுக் கொடுத்தால் ‘கையெழுத்து பொருந்தவில்லை’ என்று திரும்பி வரும். இதற்கு வங்கி மேலாளரின் சான்று வேண்டும். மேலாளர் தன் பெயர், பணியாளர் எண், கிளை முத்திரை எல்லாம் வைத்து, இது இவர் கையெழுத்துதான் என்று ஒப்பமிட வேண்டும். முத்திரை மட்டும் வைத்து எண்ணை எழுதாமல் விட்டால் மறுபடி அலைய வேண்டியதுதான். வங்கியிலேயே நின்று சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவருக்கு இன்னொன்றும் இருந்தது. இரண்டாவது பெயராக மனைவியைச் சேர்த்திருந்தார், ஃபோலியோ ‘கூட்டாக’ என்று இருந்தது. அந்த அம்மா 2017-ல் தவறிவிட்டார். கூட்டு ஃபோலியோவில் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. அதனால் முதலில் இறந்தவர் பெயரை நீக்கும் படிவம், அதனுடன் இறப்புச் சான்றிதழ். சென்னைக்குள் நடந்த இறப்பு என்றால் மாநகராட்சித் தளத்தில் இருந்தே சான்றிதழைக் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முதல் பெயர்க்காரர் இறந்திருந்தால் நடைமுறை வேறு, அது உரிமை மாற்றம். மீதமிருப்பவரின் கே.ஒய்.சி., வங்கி விவரம் எல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: வரிசை மாறாமல் கொடுங்கள்

எல்லாப் படிவத்தையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டி, கூடவே பணம் எடுக்கும் படிவத்தையும் வைத்தால் முதலில் திரும்பி வருவது பணம் எடுக்கும் படிவம்தான். கே.ஒய்.சி. முதலில். பிறகு இறந்தவர் பெயர் நீக்கமும் பான் சேர்ப்பும். அதற்குப் பிறகு வங்கி மாற்றம், கைபேசி எண், முகவரி. கடைசியாகத்தான் பணம்.

வங்கி மாற்றத்துக்குப் பெயர் அச்சிட்ட காசோலை ஒன்றை ரத்து செய்து வைக்க வேண்டும். பெயர் அச்சிடாத காசோலைப் புத்தகம் என்றால் பாஸ்புக் முதல் பக்கம், வங்கி ஒப்பத்தோடு. பழைய வங்கிக் கணக்குக்கும் ஆதாரம் கேட்பார்கள். அது மூடிப்போயிருந்தால் அசல் அடையாள ஆவணங்களோடு நீங்களே நேரில் நிற்க வேண்டும். வங்கியை மாற்றியதும் பத்து நாள் வரை பணம் எடுப்பதை நிறுத்தி வைப்பார்கள். யாரோ உங்கள் பணத்தைத் திருப்பிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு, பதற வேண்டாம்.

எங்கே கொடுப்பது? ஒவ்வொரு ஃபண்டுக்கும் முதலீட்டாளர் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பதிவாளர் ஒருவர் உண்டு, பெரும்பாலும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக். உங்கள் ஃபண்டு யாரிடம் இருக்கிறது என்பதை ஃபண்டின் தளத்தில் பார்த்துவிட்டு, அவர்களுடைய சென்னை சேவை மையத்துக்கு நேரில் போங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் தேதியும் நேரமும் போட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பெரியவர் அதையும் நீள நோட்டில் ஒட்டி வைத்தார்.

இந்த வேலைக்கு அங்கே கட்டணம் எதுவும் கிடையாது. ‘எல்லாம் நான் முடித்துத் தருகிறேன், வருவதில் 20% கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 12 லட்சத்தில் 20% என்றால் 2,40,000 ரூபாய், சில படிவங்களுக்காக. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: எடுப்பதற்கு முன் வரிக்கணக்கு

பெரியவரின் கணக்கு இது. 48,000 ரூபாய்க்கு 2,000 யூனிட், சராசரி விலை 24 ரூபாய். இன்றைய என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை, 600 ரூபாய், ஆக 12 லட்சம். லாபம் 11,52,000 என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வரிக்கு அந்தக் கணக்கு இல்லை.

பங்கு சார்ந்த ஃபண்டுகளின் நீண்டகால லாபத்துக்கு 2018-ல் மறுபடி வரி வந்தபோது, 2018 ஜனவரி 31 வரை வளர்ந்ததை விட்டுவிட்டார்கள். அந்த நாளின் என்.ஏ.வி.யை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். இவருடைய ஃபண்டில் அன்று 270 ரூபாய். ஆகவே ஒரு யூனிட்டுக்கு லாபம் 600-இல் 270 போக 330 மட்டுமே. பதிவாளரிடம் மூலதன ஆதாய அறிக்கை கேட்டால் இந்த விலையைப் போட்டே தருவார்கள்.

2,000 யூனிட்டையும் ஒரே வருடத்தில் விற்றால் லாபம் 6,60,000. புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. ஓய்வூதியமாக வருடத்துக்கு 28,800 வருகிறது. மீதமுள்ள 3,71,200 ரூபாய் இடத்தை இந்த லாபத்தைக் கொண்டு நிரப்பலாம், இந்தியாவில் வசிப்பவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. அதற்கு மேல் 1,25,000 வரையும் வரி இல்லை. மிஞ்சும் 1,63,800-க்கு 12.5% வரி, 20,475 ரூபாய், கூடவே 4% செஸ்.

அதையும் கட்ட வேண்டியதில்லை. 1,000 யூனிட் மட்டும் விற்றார். லாபம் 3,30,000. ஓய்வூதியத்தோடு சேர்த்தாலும் 3,58,800, நான்கு லட்சத்துக்குள் நிற்கிறது. வரி பூஜ்யம். முழுவதும் தேவைப்படுகிறவர்கள் பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்றால் இரண்டு நிதியாண்டுகளாகப் பிரிந்துவிடும். வேறு பெரிய வருமானம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அவருக்கு 1,25,000 விலக்கு மட்டும்தான். வரம்புகள் பட்ஜெட்டில் மாறக்கூடியவை, விற்கும் வருடத்தின் எண்ணை வைத்துப் போடுங்கள்.

ஆறாம் படி: மாதாமாதம் வரும்படி செய்யுங்கள்

விற்ற 1,000 யூனிட்டுக்கு வந்த 6 லட்சத்தில் 5 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். 60 வயது முடிந்தவர்களுக்கானது, ஐந்து வருடம், இதை எழுதும்போது வட்டி 8.2%. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் சேமிப்புக் கணக்கில் விழும். ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் காசோலையாகத்தான் வாங்குவார்கள். ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டி கிடைக்காது, கொடுத்த வட்டியையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் மீதி ஒரு லட்சத்தை ஆஸ்பத்திரி, அவசரம் என்று வங்கியில் வைத்தார்.

மிச்சமிருக்கும் 1,000 யூனிட்டில் மாதம் 2,500 ரூபாய் வருமாறு எஸ்.டபிள்யூ.பி. கொடுத்தார். ஃபண்டில் இருந்து மாதாமாதம் அந்தத் தொகைக்கு உரிய யூனிட்டை மட்டும் விற்று வங்கிக்கு அனுப்புவார்கள். இன்றைய விலையில் அது 4.17 யூனிட். வருடத்துக்கு 30,000, கையில் இருக்கும் 6 லட்சத்தில் 5%. 10% எடுக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்லமாட்டேன். காரணம் சந்தை விழும்போது தெரியும். 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் மார்ச்சில் 26,000-க்கும் கீழே போனது. அப்படி ஒரு மாதத்தில் என்.ஏ.வி. 400 ஆகிவிட்டால் அதே 2,500-க்கு 6.25 யூனிட் போகும். போன யூனிட் திரும்ப வளராது. அந்த மாதிரி நேரத்தில் எஸ்.டபிள்யூ.பி.யை நிறுத்தச் சொல்லி ஒரு படிவம் கொடுத்துவிட்டு, வங்கியில் இருக்கும் ஒரு லட்சத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விலை மீண்டதும் மறுபடி தொடங்கலாம்.

கூட்டிப் பாருங்கள். தபால் வட்டி மாதத்துக்கு 3,400 சொச்சம், எஸ்.டபிள்யூ.பி. 2,500, ஓய்வூதியம் 2,400. சுமார் 8,300 ரூபாய். சொந்த வீட்டில் மகனோடு இருக்கும் ஒருவருக்கு மருந்து, பால், பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது எல்லாம் இதில் அடங்கிவிடுகிறது. தபால் நிலையத்தில் போட்ட அசலும் அப்படியே நிற்கிறது. அவர் மகனிடம் சொன்னது: “மாசம் பொறந்தா உன் முகத்தப் பாக்க வேணாம்டா எனக்கு.”

ஏழாம் படி: நாமினி

1998 விண்ணப்பத்தில் நாமினி இடம் காலியாக இருந்தது. இப்போது பத்துப் பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். பெரியவர் மகனுக்கும் மகளுக்கும் பாதிப் பாதியாக எழுதினார். ஃபண்டில் ஒன்று, தபால் நிலையத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று மூன்று இடத்திலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும், ஒரு இடத்தில் எழுதியது மற்ற இடத்துக்குச் செல்லாது. நாமினியின் பெயரை அவர்களுடைய ஆதாரில் இருக்கிறபடியே, இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே போட்டு எழுதுங்கள்.